பேச வந்தவரை எப்படி அறிமுகப்படுத்துவது: ஒரு மெக்கானிக் அண்ணனை வைத்து

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரையாவது பேசக் கூப்பிடுவோம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, வாடகை மைக் செட், நடுவில் டீ, சமோசா, அவ்வளவுதான் ஏற்பாடு. பேச வருகிறவரை அறிமுகப்படுத்தும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்து சில வருஷம் ஆகிவிட்டது. முதல் ஒரு வருஷம் நான் செய்ததெல்லாம் சொதப்பல்தான் என்று இப்போது தெரிகிறது. சென்ற முறை காசிமேட்டிலிருந்து போட் இன்ஜின் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அவருக்கு அறிமுகம் எழுதியது கொஞ்சம் சரியாக வந்தது என்பதால், அதையே வைத்து ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அவர் பெயரை இங்கே போடவில்லை, "இன்னார்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நம் மேடைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேச்சாளரின் பயோடேட்டாவை வாட்ஸாப்பில் வாங்கி, அதைப் பிறந்த ஊரிலிருந்து வாங்கிய விருது வரை வரி விடாமல் படிப்பது ஒரு வகை. அதில் நான்காவது வரி தாண்டும்போதே நாற்காலிகளில் போன் வெளிச்சம் வர ஆரம்பித்துவிடும். இன்னொரு வகை, ஒரு தகவலும் சொல்லாமல் வெறும் அடைமொழியாகவே கொட்டுவது. இரண்டிலும் கேட்கிறவர்களுக்கு வேண்டிய இரண்டு விஷயம் மட்டும் இருக்காது: இதை நான் ஏன் உட்கார்ந்து கேட்க வேண்டும், இதைச் சொல்ல ஏன் இவர். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, பேச வேண்டியதையெல்லாம் பேச்சாளருக்கே விட்டுவிட்டு இறங்குவதுதான் அறிமுகம் செய்கிறவரின் வேலை. நாற்பது நிமிடப் பேச்சுக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.

முதலில் போன்

நிகழ்ச்சிக்கு நான்கைந்து நாள் முன்னால் பேச்சாளரோடு பத்து நிமிடம் போனில் பேசுங்கள். பயோடேட்டா அனுப்பச் சொன்னால் வருவது வேலைக்கு விண்ணப்பிக்க எழுதியதாக இருக்கும், அது மேடைக்கு ஆகாது. நம் மெக்கானிக் அண்ணனிடம் அதுவும் கிடையாது. கேட்டதற்கு, "எனக்கு இன்னா தம்பி பயோடேட்டா, இன்ஜின் ரிப்பேர் பண்றேன், அவ்ளோதான்" என்றார். இப்படிச் சொல்கிறவர்களிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கண்ணா" என்று விட்டுவிட்டால் ஒன்றும் வராது. குறிப்பாகக் கேட்க வேண்டும்.

நான் முதலில் கேட்பது பெயர். பெயர்தான் தெரியுமே என்று நினைக்காதீர்கள். இன்ஷியல் சேர்த்துச் சொல்ல வேண்டுமா, அது தமிழில் என்ன எழுத்து என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எஸ் என்று இருந்தால் தமிழில் அது ச-வாகவும் இருக்கலாம், சு-வாகவும் இருக்கலாம், செ-வாகவும் இருக்கலாம்; அப்பா பெயர் சுந்தரமா செல்வமா என்பது உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எப்படி அழைப்பது. அண்ணனா, ஐயாவா, தோழரா, சாரா, பேராசிரியரா? டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் சிலருக்கு அதைச் சொல்லாவிட்டால் மனசு சுருங்கும், சிலருக்கு அதைச் சொன்னால் கூச்சம். பெண்களை நாமாகத் திருமதி, செல்வி என்று பிரிக்கக் கூடாது, இன்னாரின் மனைவி என்று ஆரம்பிக்கவே கூடாது. கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். மெக்கானிக் அண்ணன் சொன்னது: "சார்னு சொன்னா நான் திரும்பிப் பின்னாடி பார்ப்பேன். அண்ணன்னே சொல்லு."

அடுத்த கேள்விதான் முக்கியம். பேச்சை எதிலிருந்து ஆரம்பிக்கப்போகிறார் என்று கேளுங்கள். எதற்கு என்றால், அதை நீங்கள் சொல்லாமல் இருப்பதற்கு. பேச்சாளர் தன் முதல் ஐந்து நிமிடத்துக்கென்று வைத்திருக்கும் கதையை அறிமுகம் செய்கிறவர் ஆர்வக்கோளாறில் எடுத்து விட்டுவிடுவது எங்கள் வட்டத்திலேயே இரண்டு முறை நடந்திருக்கிறது, ஒரு முறை செய்தது நான்தான். மெக்கானிக் அண்ணன், பாக்கெட்டில் ஒரு இம்பெல்லர் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கும் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் அது, உள்ளங்கை அளவு இருக்கும், பூ மாதிரி சுற்றிலும் இதழ். படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் துவாரத்தில் பிளாஸ்டிக் கவர் வந்து ஒட்டிக்கொண்டால் தண்ணீர் வராது. ஈரம் இல்லாமல் காய்ந்தபடி சுற்றும் ரப்பர் சூடேறி இதழ் இதழாகப் பிய்ந்து போகும். இம்பெல்லர் போனால் இன்ஜின் கொதித்து நிற்கும். இதைக் கேட்டதும் எனக்கு அப்படியே மேடையில் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் அது அவருடைய சாமான், நாம் தொடக் கூடாது.

மூன்றாவதாக, எதைச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், "இது வேண்டாம்னு ஏதாவது இருந்தா சொல்லுங்கண்ணா, விட்டுடறேன்" என்றாலே போதும். எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர், இந்த அண்ணன் எட்டாவதில் பெயிலாகி ஹார்பரில் வேலைக்கு வந்தவர் என்றும், அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அண்ணனிடம் கேட்டேன். ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, "அத்த வாணாம் தம்பி, என் பொண்ணு வருது" என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. கேட்காமல் சொல்லியிருந்தால் அந்த நாற்பது நிமிடமும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் பகீர் என்கிறது.

கடைசியாக, தன் தொழிலில் அவருக்கே பெருமையாக இருப்பது எது என்று கேளுங்கள். நாம் பெருமை என்று நினைப்பதும் அவர் நினைப்பதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது, உள்ளே வரும் போட்டின் சத்தத்தைக் கரையில் நின்று கேட்டே எது கெட்டிருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார் என்பது. அவர் சொன்னதோ, தன்னிடம் தொழில் கற்ற இரண்டு பையன்கள் இப்போது தனியாகக் கடை போட்டிருக்கிறார்கள் என்பது.

இணையத்தில் தேடி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. செய்யலாம், ஆனால் எடுத்ததை அவரிடமே ஒருமுறை சொல்லிச் சரிபார்க்காமல் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை நான், பேச வந்த ஒரு அக்காவின் பெயரிலேயே இருந்த வேறு ஒருவர் எழுதிய புத்தகத்தை இவர் தலையில் கட்டி, அதைப் பற்றி நான்கு வரி பாராட்டியும் விட்டேன். அவர் மைக்குக்கு வந்து, "அந்தப் புத்தகத்த நான் எழுதலைங்க, நல்லாருந்துச்சுன்னா நானும் வாங்கிப் படிக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சமோசா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதுவது

சரி, போன் முடிந்தது. கையில் ஒரு பக்கம் குறிப்பு இருக்கும், அதில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட வேண்டும். எது தங்கும் என்றால், இன்றைய தலைப்போடு ஒட்டுவது மட்டும். அண்ணன் ஏரியா கேரம் போட்டியில் கோப்பை வாங்கியவர், வட சென்னையில் அதற்குத் தனி மரியாதை உண்டு, எனக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் இன்ஜின் பற்றிப் பேச வருகிறவருக்கு அது ஒட்டவில்லை, விட்டுவிட்டேன்.

எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் உதவி செய்கிறேன் என்று ஒரு அறிமுகம் எழுதிக் கொடுத்தார். அதைப் பாருங்கள், இப்படித்தான் எழுதக் கூடாது:

"உழைப்பின் சிகரம், வட சென்னையின் வைரம், ஏழ்மையில் பிறந்தாலும் எண்ணற்ற இன்னல்களைத் தாண்டி, சேற்றில் முளைத்த செந்தாமரையாக இன்று நம் முன் வீற்றிருக்கும், அறிமுகமே தேவையில்லாத அண்ணன் இன்னார் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இந்த ஒரு நாள் போதாது. அன்னாரை வருக வருக என வரவேற்று அமர்கிறேன்."

இதில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் செந்தாமரை. செந்தாமரை அவர் என்றால் சேறு யார்? எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் அதே காசிமேடு, அதே தண்டையார்பேட்டை, அதே வண்ணாரப்பேட்டை. ஒருவரை உயர்த்துகிறேன் என்று ஊரையே கீழே தள்ளும் இந்த வரி நம் ஏரியா மேடைகளில் ரொம்ப சகஜம். வெளியிலிருந்து வருகிறவர்கள் சொன்னால் கோபம் வருகிறது, நாமே சொல்லும்போது உறைப்பதில்லை. அடுத்தது "அறிமுகமே தேவையில்லாத". தேவையில்லை என்றால் நீங்கள் ஏன் மைக்கைப் பிடித்திருக்கிறீர்கள்? "அன்னார்" என்பதை இப்போது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் அதிகம் பார்க்கிறோம், உயிரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதை ஏன் போட வேண்டும்? இதையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், இவர் இன்ஜின் மெக்கானிக் என்ற ஒரே ஒரு தகவல்கூட அதில் இல்லை.

நான் எழுதியதன் முதல் வடிவம் இது:

"எல்லோருக்கும் வணக்கம். கடலில் ஒரு போட் போகிறது. டேங்கில் டீசல் இருக்கிறது. காற்று இல்லை, அலை இல்லை. இன்ஜின் போன மாதம்தான் சர்வீஸ் செய்தது. ஆனாலும் நடுக்கடலில் சூடேறி நின்றுவிடுகிறது. பல நேரம் இதற்குக் காரணம் நம் வீட்டிலிருந்து போன ஒரு பொருள். நம் தெருக் கால்வாய் வழியாகவே போயிருக்கலாம். அது என்ன, அது எப்படி அவ்வளவு பெரிய இன்ஜினை நிறுத்துகிறது என்று இன்று கேட்கப்போகிறோம். சொல்ல வந்திருப்பவர் காசிமேட்டில் 31 வருஷமாகப் போட் இன்ஜின் பார்க்கிறவர். தடைக்காலம் 61 நாளும் படகுகளுக்கு ஓய்வு, இவருக்குக் கிடையாது. உள்ளே வரும் போட்டின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம், எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும். 'நின்றுபோன இன்ஜின்' என்ற தலைப்பில் பேச வருகிறார், மெக்கானிக் இன்னார் அண்ணன்."

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். இதில் செய்திருப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் ஆளைப் பற்றிப் பேசவில்லை, விஷயத்தைப் பற்றிப் பேசுகிறது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஸ்கூல், காலேஜ் பிள்ளைகள், கடலுக்குப் போகாத வீடுகள்; அவர்களுக்கு டீசல் இன்ஜினில் என்ன அக்கறை? அதனால்தான் "நம் வீட்டிலிருந்து போன ஒரு பொருள்" என்று அவர்கள் பக்கமாக ஒரு கயிறு வீசியிருக்கிறேன். அது பிளாஸ்டிக் கவர் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வியை நீங்கள் கிளப்பலாம், பதில் பேச்சாளருடையது. ஆவலைத் தூண்டுகிறேன் பேர்வழி என்று விடையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும்? அதே சமயம் அவர் பேச்சில் வராத ஒன்றைக் கிளப்பிவிடவும் கூடாது. "கடலில் நடந்த திகில் சம்பவங்களைச் சொல்லப்போகிறார்" என்று நீங்கள் எடுத்துவிட்டு, அவர் பம்பைப் பற்றிப் பேசினால், கேட்கிறவர்கள் கடைசிவரை திகிலுக்காகக் காத்திருந்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஆளைப் பற்றி வருவது மூன்றே வரி. அதில் "அனுபவம் மிக்கவர்" என்று எங்கேயும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது, அந்த 61 நாளில்தான் மரவேலை, பெயிண்ட், இன்ஜின் வேலையெல்லாம் நடக்கும் என்பது இந்த ஏரியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகெல்லாம் ஓய்வெடுக்கும்போதும் இவர் கை ஓயாது என்றால், அனுபவத்தைக் கேட்கிறவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பேச்சாளரைப் பற்றி நீங்கள் சொல்லும் வரியில் ஒரு எண்ணோ, ஒரு இடமோ, கையால் செய்யும் ஒரு வேலையோ இருந்தால் அது நிற்கும். "சிறந்த", "தலைசிறந்த", "பன்முக" மாதிரி சொற்களை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்து, மிச்சம் எதுவும் இல்லை என்றால் மறுபடி போன் போட வேண்டியதுதான்.

பெயர் கடைசியில். பேனரிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறதே, எதற்கு ஒளிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒளிப்பதற்காக இல்லை. பெயரைக் கேட்டதும் கை தட்டுவது பழக்கம், நடுவில் பெயர் வந்தால் பாதிப் பேர் அங்கேயே தட்டிவிடுவார்கள், பேச்சாளரும் எழுந்திருப்பதா உட்காருவதா என்று அரைகுறையாக எழுந்து நிற்பார். கடைசிச் சொல்லாகப் பெயர் வந்தால் அதுவே எல்லோருக்கும் சைகை. இன்னொன்று, ஒரே வாக்கியத்தில் "முப்பது வருஷமாக வேலை பார்த்த, பலருக்குக் கற்றுக்கொடுத்த, எல்லோரும் மதிக்கும்" என்று பெயரெச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் பெயரைத் தொங்கவிடுவது எழுத்தில் நன்றாக இருக்கும், காதுக்கு மூச்சு முட்டும். ஒரு வரிக்கு ஒரு விஷயம், முற்றுப்புள்ளி. "பேச வருகிறார்" என்று வினையை முன்னால் போட்டுவிட்டுப் பெயரைப் பின்னால் வைப்பது மேடைத் தமிழில் ரொம்ப இயல்பாகவே உட்காரும்.

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் போனில் அப்படியே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "சத்தம் கேட்டே சொல்லிடுவார்னு போட்டுக்கிறியே, அங்க வர்றவன் எவனாவது பைக்க ஸ்டார்ட் பண்ணிக் காட்டி இன்னா கோளாறு சொல்லுன்னு நிப்பான். எட்த்துடு." நான் ரசித்து வைத்திருந்த வரி அதுதான். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், "இவரிடம் கற்ற இரண்டு பேர் இன்று தனிக் கடை வைத்திருக்கிறார்கள்" என்று போட்டேன். எழுத்தாக அது கொஞ்சம் சப்பைதான். ஆனால் அதைப் படித்தபோது போனில் அந்தப் பக்கம் ஒரு சின்ன சிரிப்பு வந்தது. அப்புறம் 31 வருஷமும் தப்பு, 29 என்று திருத்தினார். நான்தான் குறிப்பில் தப்பாக எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டவில்லை என்றால் அந்த 31 அப்படியே மேடை ஏறியிருக்கும், அவரும் பெருந்தன்மையாக விட்டிருப்பார், ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பழைய பார்ட்னர் விட்டிருக்க மாட்டார்.

பெரிய ஆளாக இருந்து போனில் கிடைக்கவில்லை என்றால், அவரோடு கூட வருகிறவரிடம் காட்டுங்கள். அதுவும் முடியாமல் கடைசி நிமிடத்தில் உங்களிடம் மைக்கைத் திணித்துவிட்டார்கள் என்றால், டீ குடிக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேளுங்கள்: எப்படி அழைக்கட்டும், இன்றைக்கு எதைப் பற்றி, உங்களைப் பற்றி ஒரே வரி என்றால் எது. அந்த மூன்றை வைத்து முப்பது நொடி பேசினால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஆளாக இருந்தால் பிழைப்பு இன்னும் சுலபம். அவர் யார் என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு அவர் பேசப்போவதில் என்ன புதுசு என்பதை மட்டும் சொல்லி இறங்கிவிடலாம்.

அன்றைய நாள்

அரை மணி நேரம் முன்னால் போய் மைக்கைத் தட்டிப் பாருங்கள், பேச்சாளரின் உயரத்துக்கு ஸ்டாண்டை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பேசும்போது இரண்டு கையையும் ஆட்டுகிறவர் என்பதால், கையில் பிடிக்கும் மைக் வேண்டாம் என்று ஸ்டாண்ட் கேட்டு வாங்கினேன். பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தெரிந்த பெயர்தான் மேடையில் நாக்கு புரளும். அறிமுகத்தைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம். சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் மனப்பாடம் செய்துவிட்டால் நடுவில் குனிந்து பார்த்தாலும் பரவாயில்லை.

வரிசையில்தான் நம் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. "தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நூலகர் அவர்களே, வருகை தந்திருக்கும்..." என்ற பட்டியல் வரவேற்புரையில் முடிந்துவிட வேண்டும். அறிமுகத்தில் அதை மறுபடி ஆரம்பித்தால் உங்கள் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும், ஒரு பெயர் விட்டுப்போனால் அது வேறு மனத்தாங்கல். அடுத்து பொன்னாடை. அதை அறிமுகத்துக்கு முன்னாலேயே போர்த்திவிடுங்கள், இல்லை பேச்சு முடிந்த பிறகு. அறிமுகத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் மட்டும் நுழைக்காதீர்கள். பெயரைச் சொன்னீர்கள், கைதட்டல் வந்தது, எல்லோரும் அவர் வாயைப் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் "பொறுங்க, பொறுங்க, இப்படித் திரும்புங்க, போட்டோ" என்று ஆரம்பித்தால், நீங்கள் வளர்த்த ஆவல் அப்படியே புஸ்வாணமாகிவிடும். எங்கள் செயலாளரிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு நான்கு கூட்டம் பிடித்தது.

கடைசி வரியைச் சொல்லும்போது கூட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பெயரைச் சொன்னதும் அவர் பக்கம் திரும்புங்கள். கை தட்ட ஆரம்பிப்பது நீங்களாக இருங்கள். அவர் மைக்குக்கு வரும்வரை அங்கேயே நில்லுங்கள், மைக்கை விட்டுவிட்டு முன்னாலேயே ஓடிவிட்டால் நடுவில் மேடை காலியாக நிற்கும், வருகிறவர் தனியாக நடந்து வருவார். வந்ததும் ஒரு வணக்கம், அப்புறம் நேராகப் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அறிமுகம் செய்தவர் மேடையின் பின்னால் நின்று கேட்டரிங் பையனோடு கணக்கு பேசிக்கொண்டிருப்பது பேச்சாளர் கண்ணில் படத்தான் செய்யும்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

பேச்சாளரின் முதல் நிமிடத்தைக் கேளுங்கள், அதிலேயே உங்கள் மார்க் இருக்கும். "தம்பி என்னைப் பற்றி ரொம்பப் பெருசா சொல்லிட்டார், நான் அவ்வளவு இல்லைங்க" என்று அவர் ஆரம்பித்தால், நீங்கள் போட்ட பாரத்தை இறக்கி வைக்கவே அவருக்கு நேரம் போகிறது, அளவுக்கு மீறிப் புகழ்ந்திருக்கிறீர்கள். தன்னடக்கத்துக்காகச் சொல்வது ஒரு வரியோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் நிஜமாகவே சங்கடப்பட்டிருக்கிறார். "நான் காசிமேட்டுல இன்ஜின் வேலை பார்க்கிறேன், எத்தனை வருஷமா என்றால்" என்று தன்னைத் தானே அவர் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தால், நீங்கள் வேலையைச் செய்யவில்லை. குறிப்புத் தாளைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் தம்பி சொல்லிட்டாரே" என்று ஒரு பக்கத்தைத் தள்ளினால், அவர் கதையை நீங்கள் திருடிவிட்டீர்கள். எனக்கு மூன்றும் நடந்திருக்கிறது.

மெக்கானிக் அண்ணன் வந்தார். மைக்கை ஒரு முறை பார்த்தார், வணக்கம் சொன்னார், பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு அந்த ரப்பர் சக்கரத்தை எடுத்தார். ஆறு இதழில் இரண்டுதான் மிச்சம் இருந்தது, மற்றது எல்லாம் கருகிப் பிய்ந்திருந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளையிடம் நீட்டி, "இது இன்னா, சொல்லு பாப்போம்" என்றார். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூவா?" என்றாள். அது கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் சமோசா வந்து ஆறிப்போயிருந்தது.